டைப்-சியில் படம் வருமா? லேப்டாப் வாங்கும் முன் படிக்க வேண்டிய ஒரு வரி

திருப்பூரில் லேப்டாப் பழுது பார்க்கும் என் கடைக்கு, ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கும் பெண் அண்மையில் வந்திருந்தார். லேப்டாப் புதிது, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஏற்கெனவே ஒரு மானிட்டர் இருந்தது. பேட்டர்ன் ஒரு திரையிலும் அளவு அட்டவணை மற்றொன்றிலும் தெரிய வேண்டும் என்பதற்காக, டைப்-சியை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி இரண்டாவது மானிட்டரைச் செருகியிருக்கிறார். படம் வரவில்லை. கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்து, அதைவிட விலை கூடியதாக இன்னொன்று வாங்கியும் வரவில்லை. “ஏனுங்ண்ணா, நல்லாத்தான் பொருந்துதுங்க, பென் டிரைவும் வேலை செய்யுதுங்க, படம் மட்டும் வரமாட்டேங்குதுங்க” என்றார்.

எங்கள் ஊரில் டைப்-சி தகராறு என்றால் நான் முதலில் டார்ச் அடித்துத் துளைக்குள்தான் பார்ப்பேன். நிட்டிங், கட்டிங் பிரிவுகளில் பறக்கும் பஞ்சு அந்தச் சிறு துளைக்குள் புகுந்து, ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் உள்ளே அழுந்தி, கடைசியில் கெட்டியான திரியாகிவிடும். அதன்பின் ஒயர் முழு ஆழத்துக்குப் போகாது. லேசாகத் தொட்டாலே கழன்றுவிடும். அவருடைய லேப்டாப்பிலும் கொஞ்சம் பஞ்சு இருந்தது. லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, சீவிய மரப் பல்குச்சியால் ஓரமாகத் துழாவி எடுத்தேன். துளையின் நடுவே மெல்லிய நாக்கு போன்ற பகுதி ஒன்று உண்டு. தொடுமுனைகள் அனைத்தும் அதன் மேல்தான் இருக்கின்றன என்பதால் ஊசியையோ ஊக்கையோ உள்ளே விடக் கூடாது. சுத்தம் செய்தபின் ஒயர் ‘டக்’ என்று உட்கார்ந்தது. அப்போதும் படம் வரவில்லை.

பிறகு துளைக்கு அருகே அச்சிட்டிருந்த குறியைப் பார்த்தேன். யூஎஸ்பியின் திரிசூலக் குறியும் அதன் பக்கத்தில் ‘SS’ என்ற எழுத்துகளும் மட்டுமே இருந்தன. படம் அனுப்பும் துளையாக இருந்தால், D எழுத்தும் P எழுத்தும் பின்னிய ஒரு குறி பெரும்பாலும் இருக்கும். சில நிறுவனங்கள் குறியே போடுவதில்லை என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து மாடல் எண்ணை ஓர் எழுத்துகூட விடாமல் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்தோம். விடை அங்கே ஒரே வரியில் இருந்தது:

```
1x USB-C (USB 3.2 Gen 1, data transfer only)
```

டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். அதற்குள் 24 முனைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு இணைகள் அதிவேகப் பாதைகள். கோப்புகளை அனுப்ப அவற்றில் இரண்டு போதும். படம் வர வேண்டுமானால், கிராபிக்ஸ் பகுதியிலிருந்து புறப்படும் டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞை மதர்போர்டிலேயே அந்தத் துளைவரை கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காகப் பல மாடல்களில் அந்த இணைப்பைக் கொடுப்பதில்லை. கன்வெர்ட்டர் செய்வதெல்லாம், வந்துசேரும் டிஸ்ப்ளேபோர்ட் படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றுவதுதான். எதுவுமே வராதபோது எவ்வளவு விலையுள்ள கன்வெர்ட்டரும் மாற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கும். ஆகவே அவர் வாங்கிய இரண்டு கன்வெர்ட்டர்களிலும் குறை இல்லை, லேப்டாப்பும் பழுதாகவில்லை. விண்டோஸ் சில சமயம் “Display connection might be limited” என்று திரையின் ஓரத்தில் அறிவிக்கும். அதைப் படிக்காமல் மூடிவிடுகிறவர்களே அதிகம்.

அவருக்கு டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இது வேறு வழியில் வேலை செய்கிறது: லேப்டாப்பில் நிறுவும் டிரைவர் மென்பொருள் திரையைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்ப, அடாப்டரில் உள்ள சிப் அதை மீண்டும் படமாக்குகிறது. அட்டவணைக்கும் மின்னஞ்சலுக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் பிராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை. வேகமாக நகரும் காட்சிகள் சற்றுப் பின்தங்கும். பதிப்புரிமைப் பாதுகாப்புள்ள ஓடிடி படங்கள் ஓடாமல் போகலாம். பேட்டர்னை எச்டிஎம்ஐ மானிட்டரிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

படம் வரும் டைப்-சியிலும் ஒரு சிக்கல் உண்டு, அது 4கே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு. யூஎஸ்பி துளைகளும் எச்டிஎம்ஐயும் சேர்ந்திருக்கும் விலை மலிந்த ஹப்களில் பல, நான்கு பாதைகளில் இரண்டை யூஎஸ்பிக்கு ஒதுக்கிவிடுகின்றன. மிச்சமுள்ள இரண்டில், பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில், 4கே படம் நொடிக்கு 30 முறைதான் வரும். திரை தெளிவாகவே இருக்கும், மவுஸ் அம்பு மட்டும் விட்டுவிட்டு நகரும். விண்டோஸ் 11இல் Settings, System, Display, Advanced display என்று போனால் அங்கே 30 Hz என்று காட்டும். ஹப் வாங்கும்போது அட்டையில் ‘4K’ என்று மட்டும் பார்க்காமல் ‘4K 60Hz’ என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பிலேயே உள்ள எச்டிஎம்ஐயும் 1.4 என்றால் 4கேக்கு 30தான், 2.0 என்றால் 60. முழு எச்டி மானிட்டருக்கு இவை எதுவும் பொருட்டில்லை.

தண்டர்போல்ட் பற்றிக் கேட்காதவர் இல்லை. இன்டெல்லும் ஆப்பிளும் உருவாக்கிய அந்த இணைப்பு 2015இல் அதன் மூன்றாம் பதிப்பில்தான் டைப்-சி வடிவத்துக்கு வந்தது. குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறி இருக்கும். பலர் அதைச் சார்ஜ் குறி என்று நினைக்கிறார்கள். 2020இல் வந்த நான்காம் பதிப்பில் நொடிக்கு 40 ஜிகாபிட் வேகமும் இரண்டு 4கே திரைகளும் கட்டாயம். அந்தக் குறி இருந்தால் ‘படம் வருமா’ என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் மிகச் சிலர். கல்யாண வீடியோ எடுக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டபோது கணக்குப் போட்டுக் காட்டினேன். 200 ஜிபி கோப்புகளை 10 ஜிகாபிட் யூஎஸ்பி எஸ்எஸ்டியில் நொடிக்கு 1,000 எம்பி வீதம் எழுத மூன்றரை நிமிடத்துக்குள் ஆகும். தண்டர்போல்ட் எஸ்எஸ்டியில் நொடிக்கு 2,800 எம்பி என்றால் சுமார் 70 நொடி. ஆனால் அவருடைய கேமரா கார்டு நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தராது. கார்டிலிருந்து எடுப்பதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறபோது தண்டர்போல்ட் அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தாது. அந்தப் பணத்தை ராமில் போடச் சொன்னேன்.

அலுவலகம், கல்லூரி, கடைக் கணக்கு என்று அன்றாடம் பயன்படுத்துவோருக்கு என் கணிப்பில் முக்கியமானவை: நேராகவே ஓர் எச்டிஎம்ஐ, பழைய பென் டிரைவுக்கும் பிரிண்டருக்கும் இரண்டு டைப்-ஏ, படமும் சார்ஜும் ஏற்கும் ஒரு டைப்-சி. விவரப் பக்கத்தில் அந்த டைப்-சி வரியில் `DisplayPort`, `Power Delivery` ஆகிய இரண்டும் இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்கும் துளை இருந்தால், லேப்டாப்போடு வந்த சார்ஜர் கெட்டுப்போன அன்று 65 வாட் பொதுச் சார்ஜர் ஒன்றை வைத்து வேலையை ஓட்டலாம். செல்போனின் 18 வாட் சார்ஜரைப் போட்டால் பெரும்பாலான லேப்டாப்கள் மெதுவாக ஏற்கும் அல்லது ஏற்கவே செய்யாது. அதைப் பார்த்துவிட்டுத் துளை போய்விட்டது என்று யாரும் மதர்போர்டைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள்.