விற்ற பில் திரும்பி வரும்

சிறு வணிகர்களின் கணக்குகளைப் பார்க்கும் எனக்கு, பணம் வரவேண்டிய பில்லை நிதி நிறுவனத்துக்கு விற்று முன்பணம் வாங்கும் இன்வாய்ஸ் ஃபேக்டரிங் பற்றி ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது. "பில்லைத்தான் விற்றுவிட்டேனே, இனி வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் அது நிதி நிறுவனத்தின் பாடு" என்பதே இங்கு பலரின் எண்ணம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது அப்படியன்று.

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உணவுப் பெட்டிகள் விற்கும் ஒருவருக்கு அண்மையில் நேர்ந்ததைப் பாருங்கள். 60 நாள் தவணையில் ஓர் உணவகக் குழுமத்துக்கு 40,000 வெள்ளி பில் எழுதினார். நிதி நிறுவனம் 80 விழுக்காடாக 32,000 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தது. முன்பணத்துக்கு 30 நாளுக்கு 1.5 விழுக்காடு, அதாவது 480 வெள்ளி கட்டணம். குழுமம் 60ஆம் நாளில் பணம் செலுத்தியிருந்தால், 960 வெள்ளி கழித்து மீதி 7,040 வெள்ளி அவர் கைக்கு வந்திருக்கும்.

ஆனால் மூடி பொருந்தவில்லை என்று 6,000 வெள்ளிச் சரக்கின் மீது புகார் எழுப்பிய குழுமம், முழு பில்லையும் நிறுத்தி வைத்தது. தவணை முடிந்து 60 நாளாகியும் பணம் வராவிட்டால் நிதி நிறுவனம் பில்லைத் திருப்பித் தந்து முன்பணத்தைக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எனவே 120ஆம் நாளில் 32,000 வெள்ளியும் நான்கு மாதக் கட்டணம் 1,920 வெள்ளியும் சேர்ந்து 33,920 வெள்ளி அவர் தலையில் விழுந்தது. தனியே கேட்டிருந்தாலாவது தவணை பேசியிருக்கலாம். அடுத்த 45,000 வெள்ளி பில்லுக்கு வரவேண்டிய 36,000 வெள்ளி முன்பணத்திலேயே அதைக் கழித்துக்கொண்டதால், அந்த மாதச் சம்பளத்துக்கு அவர் நம்பியிருந்த பணத்தில் 2,080 வெள்ளிதான் வந்தது.

"அப்படியானால் திருப்பிக் கேட்காத வகையை எடுக்கிறேன்" என்பார்கள். கூடுதல் கட்டணம் கொண்ட அந்த வகையும் வழக்கமாக வாடிக்கையாளர் நொடித்துப்போவதற்கு மட்டுமே பொறுப்பேற்கும். சரக்கில் குறை, அளவில் குறைவு, ஒப்பந்தத் தகராறு ஆகியவை எந்த வகையிலும் உங்கள் தலைவலியே. சரக்கின் தரத்துக்கு நிதி நிறுவனம் எப்படிப் பொறுப்பேற்கும்? (விற்பனை முகவர் இதை முதலில் சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள்.)

ஆகவே, சரக்கைப் பெற்றுக்கொண்டதாக வாடிக்கையாளர் கையொப்பமிட்ட டெலிவரி ஆர்டர் இல்லாமல் எந்த பில்லையும் நிதி நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். பில்லை மூன்றாம் தரப்புக்கு மாற்றக்கூடாது என்ற விதி வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருப்பிக் கேட்கும் நாள் எது, எந்தக் காரணங்களுக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்திடுமுன், தயவுசெய்து ஒருமுறை வீட்டாரிடமும் பேசுங்கள். விற்ற பில்லுக்கான பணம் தவறுதலாக உங்கள் கணக்குக்கு வந்தால் அது உங்களுடையதன்று. அதைச் சம்பளத்துக்குச் செலவிடாமல் உடனே நிதி நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.