அழுகையின் நடுவே நின்றுபோகும் மூச்சு

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறச் சிறு பட்டணத்தில், அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று மூச்சடைத்து நீலம் பாரித்துப் போனால் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் ‘சாவான் தாங்கிஸ்’ என்பார்கள். நம்மவர்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். தாங்கிஸ் என்றால் அழுகை, சாவான் என்றால் வலிப்பு. பெயரில் அழுகை சரிதான். வலிப்பு என்ற பாதிதான் வீட்டையே நடுங்கவைக்கிறது. நடப்பது வலிப்பு இல்லை, மூச்சடைப்பு.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வயது ஒன்றே கால், எடை 10 கிலோ, ஆண் பிள்ளை. மத்தியானம் கையிலிருந்த கைப்பேசியைப் பாட்டி வாங்கி மேசைமேல் வைக்கிறார். பிள்ளை வீறிட்டு அழுகிறது. இரண்டு மூன்று முறை கத்தியபின் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட்டது, அடுத்த மூச்சு உள்ளே வரவில்லை. ஏழெட்டு நொடிக்குள் உதடு கருநீலமாகிறது. பிறகு கண் மேலே செருக, உடம்பு துவண்டு பாட்டியின் கைமேல் சாய்கிறது. முதுகு ஒருமுறை வில்லாக வளைகிறது, கை இரண்டு தடவை வெட்டுகிறது. உடனே ஒரு பெரிய மூச்சு. நிறம் திரும்புகிறது. மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள். பாட்டிக்கு அது ஒரு யுகம்.

பெரியவர் ஒருவர் மூச்சைப் பிடித்தால் அரை நிமிடத்தைச் சாதாரணமாகத் தாண்டுவார். பிள்ளை பத்து நொடியில் நீலமாவது எப்படி? பெரியவர் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு பிடிக்கிறார். பிள்ளையோ காற்றையெல்லாம் கத்தித் தீர்த்த பிறகு, காலி நுரையீரலோடு நிற்கிறது. எடைக்கு எடை பார்த்தால் சிறுபிள்ளையின் உடம்பு பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. போதாததற்கு, இறுகிப்போன நெஞ்சுக்கூடு இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தையும் நெருக்குகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் மயக்கம். மயங்கியதும் இறுகிய தசைகள் தளர்கின்றன, மூளைத்தண்டு தன் வேலையைத் தொடங்குகிறது, மூச்சு தானாக வருகிறது. பூட்டைத் திறப்பதே அந்த மயக்கம்தான்.

பிள்ளை வீம்புக்கு மூச்சைப் பிடிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. மூச்சை வெளியே விட்ட நிலையில் நின்றுபோவது அனிச்சைச் செயல், பிள்ளையின் விருப்பத்தில் நடப்பதில்லை. ஆகவே இதற்காக அடிப்பதில் அர்த்தமே இல்லை.

அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலை இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள். பதறித் தூக்கி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது, ஆனால் அது தவறு. ஏற்கெனவே மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கிறது, நிமிர்த்தினால் இன்னும் குறையும், மயக்கம் நீளும். வாயில் விரலோ கரண்டியோ விட வேண்டாம். பிடித்துக் குலுக்குவது இவை எல்லாவற்றையும்விட மோசம், பிள்ளையின் மூளைக்குள் ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோய்விடும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் இல்லை. அதற்குள் பிள்ளை தானே விழித்துக்கொள்ளும், பெயர் சாவிக்குப் போய்விடும். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வரவில்லை, அல்லது பிள்ளை தெளியவில்லை என்றால் 999.

சாப்பிடும்போதோ சின்னப் பொருளை வாயில் வைத்திருக்கும்போதோ இப்படி ஆனால் கணக்கு வேறு. தொண்டையில் அடைத்த பிள்ளை முதலில் வீறிட்டு அழாது, ஆரம்பத்திலிருந்தே சத்தம் வராமல் திணறும். அதற்கு உடனே முதுகில் தட்டும் முதலுதவி தேவை, காத்திருக்கக் கூடாது.

வலிப்பா இல்லையா என்று மருத்துவர் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் கருவியால் அல்ல, நடந்ததை வரிசையாகக் கேட்டுத்தான். மூச்சடைப்பில் முதலில் ஒரு காரணம் இருக்கும்: கோபம், வலி, பயம். பிறகு அழுகை, பிறகு சத்தம் நிற்கும், பிறகு நிறம் மாறும், வெட்டு கடைசியில்தான். வலிப்பு நோயில் பெரும்பாலும் காரணம் எதுவும் இருக்காது, வெட்டு முதலில் வரும், நிறம் பின்னால் மாறும். வெட்டும் நிமிடக்கணக்கில் நீடிக்கலாம். முடிந்த பிறகு பிள்ளை நெடுநேரம் அசந்து தூங்கும். ஆகவே கிளினிக்கில் “சாவான் வந்துச்சு டாக்டர்” என்று முடித்துவிடாதீர்கள். கைப்பேசியை வாங்கினோம், அழுதான், சத்தம் நின்றது, நீலமானான், அப்புறம்தான் கை வெட்டியது என்று நடந்தபடியே சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட முப்பது நொடி வீடியோ மேல்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. பிள்ளை தடுக்கி விழுந்து தலையில் லேசாக இடித்துக்கொள்ளும். அழுகை ஒரு முனகலோடு நின்றுவிடும், அல்லது அழவே அழாது. முகம் நீலமாகாமல் வெள்ளைத் தாளாக வெளுக்கும், ஆள் துவண்டுவிடும். இங்கே முதலில் தடுமாறுவது மூச்சு அல்ல, இதயம். திடீர் வலியோ பயமோ இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பை அளவுக்கு மீறித் தூண்ட, இதயத்துடிப்பு மெதுவாகி, சில நொடி நின்றும்விடுகிறது. பிறகு தானே ஓடத் தொடங்குகிறது. ஊசியைப் பார்த்து மயங்கி விழும் பெரியவர்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுவே. இந்த வெள்ளை வகைக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது. இதயத்தின் மின்னோட்டக் கோளாறு சில நேரம் இதே வேஷத்தில் வரும். ஓடும்போதோ பெரிய சத்தம் கேட்டோ மயங்கினாலும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் ஈசிஜியைத் தள்ளிப்போடவே கூடாது. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கோ தூக்கத்திலோ வந்தாலும் அப்படியே, உடனே காட்ட வேண்டும். எந்த வகையானாலும் முதல் தடவைக்குப் பிறகு ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது முறை.

மற்றபடி, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்த மூச்சடைப்பு ஐந்தாறு வயதுக்குள் தானே போய்விடும். மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில்லை. பின்னால் வலிப்பு நோயாக மாறுவதும் இல்லை.

தானே போகும் வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை, ஏனென்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருகிறது. ஜோர்டானில் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரும்பு மருந்து குடித்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மூச்சடைப்பு நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது. வெற்று மருந்து குடித்தவர்களில் அப்படி ஆனவர்கள் மிகச் சிலரே. நம் பிள்ளையின் சாப்பாட்டைப் பார்த்தால் காரணம் தட்டுப்படும். நாளைக்கு ஐந்து புட்டிப் பால், பாட்டி குடிக்கும் தேத்தண்ணியில் பங்கு, சோறு இரண்டு வாய். பசும்பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம், அது வயிற்றை நிரப்பி மற்ற சாப்பாட்டையும் தள்ளிவிடுகிறது. தேயிலையோ சாப்பாட்டில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

ரத்தம் எடுத்தபோது இந்தப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுக்கு 11 இருப்பது நல்லது. மலேசியாவில் இதோடு விட்டுவிட முடியாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவருக்கும் எண் குறைவாகவே காட்டும், அதனால் இரும்பின் கையிருப்பைக் காட்டும் பெரிட்டினையும் பார்ப்பார்கள். அதுவும் குறைவு என்று வந்தால் இரும்புச் சொட்டு மருந்து. கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால் 10 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். இது சுத்த இரும்பின் கணக்கு, மருந்து உப்பின் எடை அல்ல. 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் மாத்திரையில் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். எத்தனை மில்லிலிட்டர் என்பதை மருந்து கொடுப்பவரிடமே சிரிஞ்சில் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாறோடு கொடுத்தால் நன்றாகச் சேரும், பாலோடு கொடுத்தால் வீண். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். கூடவே பாலை நாளைக்கு அரை லிட்டருக்குள் குறைத்து, கோழி ஈரல், மீன், முட்டை என்று பழக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் மிஸ்ஸி கொடுத்த இரும்பு மாத்திரை இன்னும் அலமாரியில் கிடக்கிறதா? மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள்.

கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தெளிந்ததும் பயத்தில் அதை மறுபடி கையில் கொடுப்பதுதான் வழக்கம். மூச்சடைப்பு அனிச்சையாக வந்ததுதான், ஆனால் அழுதால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அழுகை கூடினால் மூச்சடைப்பும் கூடும். அணைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசி மேசைமேலேயே இருக்கட்டும்.

தலையை முட்டிக்கொள்வது இதன் பக்கத்து வீட்டுக்காரன். கோபத்தில் சிமெண்டுத் தரையில் நெற்றியை முட்டுவது ஒரு விதம். வலித்தால் பிள்ளையே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த வயதுப் பிள்ளை தானாக முட்டி மண்டையை உடைத்துக்கொள்வது மிக அரிது. மெத்தைப் பக்கம் நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இன்னொரு விதம் தூங்கப்போகும்போது வருவது. கட்டில் சட்டத்திலோ சுவரிலோ தாளம் தப்பாமல், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில், கால் மணி நேரம் வரை முட்டிவிட்டுத் தூங்கிப்போகும். இதில் கோபமும் இல்லை, வலியும் இல்லை. உள்காதின் சமநிலை உறுப்புக்குக் கிடைக்கும் சீரான ஆட்டம் தூக்கத்தைக் கூட்டிவருகிறது. ஸ்பிரிங் தொட்டிலில் சாரோங் கட்டி ஆட்டும்போது நாம் கொடுப்பதும் அதையேதான். பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் நின்றுவிடும்.

காய்ச்சலோடு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு முட்டினால் காதுக்குள் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், பேச்சும் வராமல் பகலெல்லாம் முட்டும் பிள்ளையை வளர்ச்சிப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ரத்தம் வரும் அளவுக்கு முட்டினாலும் அப்படித்தான்.

இரவில் முட்டும் பிள்ளையின் கட்டிலைச் சுற்றித் தலையணைகளை அடுக்காதீர்கள், முகம் புதைந்து மூச்சு முட்டும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதன் திருகாணிகளை முடுக்குங்கள். இரவுதோறும் வாங்கும் ஆட்டத்தில் அவை கழன்றுவரும்.