ஒரு வேலி நிலம், மூன்று பிள்ளைகள்: வேளாண் கணக்கெடுப்பில் நீங்கள் எந்த வகுப்பு?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேளாண் கணக்கெடுப்பு, கைப்பற்றுகளை, அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தை, எக்டேரில் வகுக்கிறது. 1-க்குக் கீழே குறு, 1 முதல் 2-க்குள் சிறு, 2 முதல் 4-க்குள் அரை நடுத்தரம், 4 முதல் 10-க்குள் நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. விதி இவ்வளவுதான். வில்லங்கம் எல்லாம் எதை ஒரு கைப்பற்று என்று எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது விதிப்படி கேள்வியே இல்லை. யார் சாகுபடி செய்கிறார் என்பதுதான் கேள்வி. ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பட்டியல் கிராமக் கணக்கிலிருந்து, அதாவது சிட்டா, அடங்கலிலிருந்து, தொகுக்கப்படுகிறது. அதில் இல்லாதவர் வயலில் இருந்தும் பயனில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் நான் பார்த்த குடும்பம். அப்பா பெயரில் ஒரு வேலி, அதாவது 20 மா, 6.67 ஏக்கர். அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மூன்று பிள்ளைகளும் வரப்பு போட்டுத் தனித்தனியாக நடவு செய்கிறார்கள். ஆளுக்கு 0.90 எக்டேர், மூன்றும் குறு. தாளிலோ 2.70 எக்டேரில் ஒரே அரை நடுத்தரக் கைப்பற்று. கடைசிப் பையன் 9 மா கோயில் நிலமும் குத்தகைக்குச் செய்கிறார். அதைச் சேர்த்தால் அவருக்கு 2.11 எக்டேர், அவர் மட்டும் அரை நடுத்தரம். அடங்கலில் அவர் பெயர் ஏறவில்லை, அதனால் அந்தக் குத்தகையும் கணக்கில் இல்லை.

கணக்கெடுப்பு வகுப்பு நேராக உங்கள் மானியத்தைத் தீர்மானிக்காது. ஆனால் அதே தாள்தான் சிறு குறு விவசாயி சான்றுக்கும் போகிறது. சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் கேட்டுப் போன மூத்தவரிடம், "அப்பா பேர்ல முழு வேலியும் நிக்குது, நீங்க எப்படிங்க சிறு விவசாயி?" என்றார்கள். வாரிசுச் சான்று கொண்டு வா என்றார்கள், கொடுத்தார். பெயர் மாறியது, மூன்று பேருக்கும் கூட்டுப் பட்டா. மறுபடி போனால் பரப்பு அதே 2.70! ஏழு மாதம் அலைந்தது இதற்குத்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டா மாறுதலில் உட்பிரிவு இல்லாதது, உட்பிரிவு உள்ளது என்று இரண்டு உண்டு. முதலாவது பெயரை மட்டும் மாற்றும். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இரண்டாவதற்கு விண்ணப்பித்து, சர்வேயர் அளந்து, புது உட்பிரிவு எண் விழுந்தால்தான் உங்கள் பங்கு தனியாகத் தெரியும்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றில் சிறு விவசாயி என்றால் 5 ஏக்கர் வரை. 5 ஏக்கர் என்பது 2.02 எக்டேர், கணக்கெடுப்பில் அது அரை நடுத்தரம். புள்ளிவிவரத்தைக் காட்டி யாராவது சான்றை மறுத்தால், இரண்டும் வேறு அளவுகோல் என்று சொல்லுங்கள்.

அப்புறம் இனிஷியல். ஒரு பட்டாவில் ஓர் இனிஷியல், பக்கத்து ஊர்ப் பட்டாவில் வேறு இனிஷியல் என்றால் ஒரே ஆள் இரண்டு கைப்பற்றாக விழுவார். அடங்கல் எழுதும் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. நடவு முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அடங்கலில் உங்கள் பெயர், பயிர், பரப்பு மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.