ஸ்பாம் ட்ராப் என்னும் எரிதக் கண்ணி

ஸ்பாம் ட்ராப் என்பது எந்த மனிதரும் வாசிக்காத ஒரு மின்னஞ்சல் முகவரி. வருகிற மடலை அது வாங்கிக்கொள்ளும். பதில் போடாது, திருப்பியும் அனுப்பாது. எந்த ஐபி இலக்கத்திலிருந்து, எந்த டொமைனின் பெயரில் மடல் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை வைத்து அனுப்புநரின் மடல்களுக்குத் தடை விழலாம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல் அமைப்புகளும் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்களும் இப்படிப்பட்ட முகவரிகளை வைத்திருக்கின்றன. எவை என்று வெளியே சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால் அந்த முகவரியால் பயனில்லை.

ஸ்பாம் என்பது 1937இல் அமெரிக்காவின் ஹோர்மல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டின் இறைச்சியின் பெயர். 1970இல் பிபிசியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில், சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் ஸ்பாம் சேர்ந்தே வரும். பக்கத்து மேசைக்காரர்கள் அந்தச் சொல்லையே பாடிப் பாடி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் வந்து குவிவது என்ற பொருளில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தமிழ் இணையத்தில் இதற்கு எரிதம் என்ற சொல் வழங்குகிறது. குப்பை அஞ்சல் என்றும் சொல்கிறோம்.

ட்ராப் என்பதற்குப் பொறி, கண்ணி இரண்டும் பொருந்தும். ஆனால் எலிப்பொறிக்குள் இரை இருக்கும், எலி அதைத் தேடி வரும். கண்ணி நடைபாதையில் கிடக்கும். வழக்கமாகப் போகிற கால் அதில் மாட்டும். ஒழுங்காக மடல் அனுப்புகிறவர் மாட்டுவது இந்த இரண்டாவது விதத்தில்தான். ஆகவே எரிதக் கண்ணி என்பதே சரியாகப் படுகிறது. மடல் பட்டியலிலிருந்து உதவாத முகவரிகளைக் களையும் லிஸ்ட் ஹைஜீன் என்பதைப் பட்டியல் துப்புரவு என்றும், யாரும் புழங்காமல் விட்ட முகவரியைத் தூர்ந்த முகவரி என்றும் சொல்லலாம்.

கண்ணிகளில் மூன்று வகை. முதல் வகை, ஒருபோதும் எவருக்கும் சொந்தமாக இராத முகவரி. வலைப்பக்கங்களில் ஒளித்து வைக்கப்படும். அதில் மாட்டினால் பட்டியலை எங்கோ விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் அல்லது சுரண்டி எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டாவது, `gmial.com` போன்ற எழுத்துப்பிழை டொமைன்கள். கையெழுத்தில் வாங்கிய முகவரியைப் பார்த்துத் தட்டும்போது இவை வந்து சேரும். மூன்றாவதுதான் நல்ல அனுப்புநரையும் பிடிப்பது: முன்பு உண்மையான வாசகருடையதாக இருந்து, தூர்ந்து, பிறகு கண்ணியாக்கப்பட்ட முகவரி.

வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையை எடுத்துக்கொள்வோம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில், தன் கூடத்துக்கு வந்தவர்களிடம் முகவரி எழுதி வாங்கிய பட்டியல் அதனிடம் இருக்கிறது. மடல் போவது வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட்டில். ஒரு வாசகி 2023 ஆகஸ்ட் மடலைப் பெற்றார். பின்பு அந்த அஞ்சல்பெட்டியைக் கைவிட்டார். ஒக்டோபரில் சேவை நிறுவனம் அதை மூடியது. மூடியதும் கண்ணியாகிவிடாது. முதலில் சில மாதங்கள், வருகிற மடலையெல்லாம் இப்படித் திருப்பும்:

```
550 5.1.1 <vasaki@example.lk>: Recipient address rejected: User unknown
```

இது அனுப்புநருக்குக் கொடுக்கும் அவகாசம். குறைந்தது 12 மாதம் திருப்ப வேண்டும் என்பது தொழில்வழக்கு. எல்லோரும் அவ்வளவு பொறுப்பதில்லை. இங்கே எட்டு மாதம் என்று வைப்போம். 2024 ஜூனில் முகவரி மறுபடி திறக்கிறது, இம்முறை கண்ணியாக. ஆகஸ்ட்டில் கடை மடல் அனுப்பும்போது, மடலை ஏற்றுக்கொண்டேன் என்ற பொருளில் `250 OK` என்று பதில் வருகிறது. கடைக்காரருக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகவே தெரியும். மாதாமாதம் அனுப்பியிருந்தால் 2023 நவம்பரிலேயே 550 வந்திருக்கும், முகவரியும் போயிருக்கும். குறைவாக அனுப்பினால் தொல்லை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி விஷயத்தில் அது நேர்மாறு.

ஆக, துப்புரவின் பாதி வேலை, திரும்பி வந்ததை வாசிப்பது. போஸ்ட்பிக்ஸ் என்னும் மடல் மென்பொருள் ஓடும் சேர்வரில், இல்லை என்று திரும்பிய முகவரிகளை இப்படி எடுக்கலாம்:

```
grep 'dsn=5.1.1' /var/log/mail.log | grep -o 'to=<[^>]*>' | sort -u
```

இதில் வருபவற்றை முதல் தடவையிலேயே நீக்குங்கள். `4.2.2` என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஒருமுறை வந்தால் விடலாம். தொடர்ந்து மூன்று நான்கு மடலுக்கும் வந்தால் அங்கே ஆள் இல்லை, பெட்டி மூடப்படும் நாள் தூரத்தில் இல்லை. `5.7.1` என்பது வேறு கதை. அது பெரும்பாலும் வாசகரின் முகவரியைப் பற்றியது அல்ல, உங்கள் சேர்வரைப் பற்றியது:

```
554 5.7.1 Service unavailable; Client host [192.0.2.10] blocked using zen.spamhaus.org
```

ஐந்தில் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நீக்கும் மென்பொருள்கள் உண்டு. தடை விழுந்த ஒரே நாளில் அவை நல்ல வாசகர் நூற்றுக்கணக்கானோரைத் துடைத்துவிடும். உங்களுடையது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தடை செய்திமடலோடு நிற்காது. அதே ஐபியில் போகிற பில், கடவுச்சொல் மீட்பு மடல் எல்லாம் சேர்ந்தே நிற்கும். பகிர்வு ஹோஸ்டிங் என்றால் பக்கத்து வாடிக்கையாளருக்கும் அடி. ஐபியை மாற்றித் தப்பலாம் என்பதும் அதிக நாள் ஓடாது; ஜிமெயில் போன்றவை டொமைனின் பெயரையும் தனியே கணக்கில் வைக்கின்றன.

கண்ணியாகிவிட்ட முகவரியைச் சோதனைச் சேவைகள் காட்டிக்கொடுக்குமா? நம்ப வேண்டாம். முகவரி இருக்கிறதா என்றுதான் அவை கேட்கின்றன. கண்ணி இருக்கிறது என்றே பதில் சொல்லும். கடைக்கு மிஞ்சுவது ஒரு வழிதான்: நடமாட்டத்தைப் பார்த்துப் பிரிப்பது. மடலைத் திறந்த கணக்கு போதாது, ஏனென்றால் 2021 முதல் அப்பிளின் மெயில் செயலி வாசகர் பார்க்காத மடலின் படங்களையும் தானே இறக்கிக்கொள்கிறது. இணைப்பைச் சொடுக்கியது, பதில் எழுதியது, புத்தகம் வாங்கியது ஆகியவற்றை எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் இவற்றில் ஒன்றேனும் செய்தவருக்கு வழக்கம்போல அனுப்பலாம். ஆறு முதல் 12 மாதம் அசைவில்லாதவருக்கு, தொடர்ந்து வேண்டுமா என்று ஒரு பொத்தானோடு ஒரே ஒரு மடல், அழுத்தாதவர் நீங்குவார்.

அதற்கும் பழைய முகவரிகளுக்கு அந்த மடலும் போகக்கூடாது. மூன்று வருடம் பேச்சுமூச்சு இல்லாத பட்டியலுக்குக் கடைசியாக ஒருதடவை கேட்டுப்பார்ப்போம் என்று அனுப்புவதுதான் பலர் மாட்டும் இடம். கண்ணிகள் அதிகமாகக் கிடப்பது அந்தப் பழைய பகுதியில்தான். வெள்ளவத்தைக் கடையின் பட்டியலோ வருட மடலை நம்பியது. பழைய கண்காட்சிப் பெயர்களில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடலாம். வலிக்கும்தான். ஆனால் அந்தப் பாதி ஏற்கெனவே வாங்காத பாதி.

அடுத்த கண்காட்சியில் காகிதத்துக்குப் பதிலாக, வாசகர் தன் கைப்பேசியிலேயே முகவரியைத் தட்டி, வருகிற உறுதிமடலைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். பிழையான முகவரிக்கு அப்போதும் ஒரு மடல் போகும், இரண்டாவது போகாது.

நீக்கிய முகவரிகளை அழித்துவிடாமல், அனுப்பாதே என்ற தனிப்பட்டியலில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கடையில் யாராவது பழைய எக்செல் கோப்பை மறுபடி ஏற்றுவார்கள். 2023இல் தூர்ந்த முகவரி அதோடு திரும்பி வந்துவிடும்.