கலங்கல் என்றால் கலங்கிய தண்ணீரா?

சைதாப்பேட்டையில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து ஏதாவது படிக்கச் சொல்வேன். மூத்தவள் எட்டாம் வகுப்பு. தம்பிக்கு ஒன்பது வயது. அன்று நானே ஒரு பத்தியை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தெரியாத ஒரு சொல்லை அகராதி பார்க்காமல் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பத்தி இதுதான்:

"ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் ஏரி இரண்டே நாளில் நிரம்பிவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை கலங்கலைத் தாண்டித் தண்ணீர் விழும் சத்தம் ஊர்க்கோடி வரை கேட்டது. மழை விட்டதும் பையன்கள் கலங்கல்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். ஏரியின் மதகுகள் எல்லாம் மூடியே இருந்தன. ஆனாலும் கரை உடைந்துவிடும் என்று யாரும் பயப்படவில்லை. சித்திரையில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, அதே கலங்கலின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன."

படித்து முடித்ததும் மூத்தவளிடம் கலங்கல் என்றால் என்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கலங்கின தண்ணி மாமா. பொரிச்சா பொரியல், அவிச்சா அவியல், கலங்குனா கலங்கல்."

அவள் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வினையோடு 'அல்' சேர்ந்து பெயர்ச்சொல் ஆவது தமிழில் அன்றாடம் நடப்பது. கலங்கல் என்பதற்குக் கலங்கிய நீர் என்றே ஒரு பொருளும் உண்டு. மழை, ஏரி என்று சுற்றிலும் தண்ணீராகவே இருக்கும்போது அந்த ஊகம் இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் இந்தப் பத்திக்கு அது தவறான பொருள்.

மொழி கற்பித்தலை ஆராய்பவர்கள் இந்தப் பொறியை நன்றாக அறிவார்கள். பார்த்தால் புரிவதுபோல இருக்கும், ஆனால் வேறு ஏதோ பொருள் தரும் சொற்களைப் பற்றி பாட்டியா லாஃபர் என்ற இஸ்ரேலிய மொழியியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 'நெவர்தலெஸ்' என்ற சொல்லைப் பிரித்து 'ஒருபோதும் குறையாத' என்று எடுத்துக்கொள்வதும், 'அவுட்லைன்' என்பதை 'வரிசைக்கு வெளியே' என்று புரிந்துகொள்வதும் அவர் காட்டும் உதாரணங்கள். இப்படிப்பட்ட சொற்களில் உள்ள சிக்கல், படிப்பவருக்குத் தனக்கு அந்தச் சொல் தெரியாது என்பதே தெரியாமல் போவதுதான். முற்றிலும் புதிய சொல்லாக இருந்தால் கண் அங்கே ஒரு நொடி நின்றிருக்கும். இங்கே நிற்காமல் போய்விடுகிறது.

நான் மறுபடி மூன்றாவது வாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். "கலங்கின தண்ணி மேல எப்படிம்மா உட்காருவாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "தண்ணிக்குள்ள உட்கார்ந்திருப்பாங்க மாமா. நீங்க 'மேல்'னு தப்பா எழுதிட்டீங்க."

ஊகம் முதலில் வந்துவிட்டால் வாக்கியத்தை அதற்கு ஏற்றபடி வளைத்துவிடுகிறோம். சாட்சி எதிராகச் சொன்னால் சாட்சியைத் திருத்துகிறோமே தவிர ஊகத்தைத் திருத்துவதில்லை. இது குழந்தைகளின் வழக்கம் மட்டும் இல்லை, பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம். ஒரு ஊகம் தவறாகப் போகிறது என்பதற்கு நான் கண்ட நல்ல அடையாளமும் இதுவே. எழுதியவர் ஏன் இப்படி எழுதினார் என்று மனம் முணுமுணுக்க ஆரம்பித்தால், அந்த இடத்தில் எழுத்தைவிட நம் ஊகத்தின்மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதைத் தவிர்க்கத்தான் கிளார்க், நேஷன் என்ற இருவரும் 1980இல் ஒரு வழிமுறையை எழுதினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரிசை. சொல்லைப் பிரித்துப் பார்ப்பதை அவர்கள் முதலில் செய்யச் சொல்லவில்லை, கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். முதலில், அது பெயரா, வினையா, அடையா என்று பார்க்க வேண்டும். அடுத்து அந்த வாக்கியத்துக்குள் அதைச் சுற்றி இருக்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு அதற்கு என்ன உறவு என்று பார்க்க வேண்டும். அதன்பின்தான் ஊகிக்க வேண்டும். ஊகித்த பொருளை அந்தச் சொல்லின் இடத்தில் வைத்துப் படித்துச் சரிபார்க்கும்போதுதான் பகுதி, விகுதி என்று சொல்லின் உடலைத் தொடலாம்.

அந்த வரிசையில் இன்னொரு முறை போனோம். இந்த முறை 'கலங்கல்' என்ற சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டேன். வேற்றுமை உருபு மட்டும் வெளியே தெரிந்தது.

தமிழ் படிப்பவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. "...ஐத் தாண்டி" என்ற இரண்டாம் வேற்றுமை ஒன்றே, அது ஒரு பொருள், அதைத் தாண்ட முடியும் என்று சொல்லிவிடுகிறது. தாண்டிய தண்ணீர் 'விழுகிறது', அதுவும் ஊர்க்கோடி வரை கேட்கும்படி. அப்படியானால் அதற்கு உயரம் இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் அதன்மேல் ஆட்கள் உட்காருகிறார்கள். அப்படியானால் அது கெட்டியானது. இவ்வளவையும் அவளே சொன்னாள்.

"அப்ப மதகா மாமா?" என்றாள். நல்ல ஊகம்தான். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு திறப்பு பற்றிச் சென்னை முழுக்கப் பேச்சாக இருக்கும், அதனால் அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் நான்காவது வாக்கியம் அதை அனுமதிக்கவில்லை. மதகுகள் மூடியிருக்கின்றன, தண்ணீரோ ஏற்கெனவே எதையோ தாண்டி விழுந்துகொண்டிருக்கிறது. இங்கே 'ஆனாலும்' என்ற சின்னச் சொல்தான் பெரிய வேலை செய்கிறது. மதகு மூடியிருந்தால் பயம் வர வேண்டும், ஆனாலும் வரவில்லை. அப்படியென்றால் தண்ணீர் போக வேறு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் அது அங்கேயே நிற்கிறது, நிழல் தரும் அளவுக்கு உயரமாக. கலங்கிய தண்ணீர் என்ற முதல் ஊகம் இங்கே முழுதாக விழுந்துவிடுகிறது.

"ஒரு சுவரு மாமா. ஏரி ரொம்பிட்டா தானா அது மேல வழிஞ்சு போயிடும். அதான் கரை உடையாது" என்றாள்.

அதுவேதான். ஏரியில் கொள்ளளவுக்கு மேல் சேரும் நீர் வழிந்தோடக் கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்படும் சுவர்தான் கலங்கல். கலிங்கு என்றும் கலுங்கு என்றும் சொல்வார்கள். மதகைத் திறக்க ஆள் வேண்டும். கலங்கலுக்கு ஆள் வேண்டாம், அதன் உச்சிதான் ஏரியின் நிறைமட்டம்.

தம்பியிடமும் முதலிலேயே கேட்டிருந்தேன். அவன் பதில் வேறு மாதிரி இருந்தது: "பசங்க மீன் பிடிக்கிற இடம்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு 1952இல் ஹைன்ஸ் வெர்னர், எடித் கப்லான் இருவரும் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. இல்லாத சொற்கள் 12 உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஆறு வாக்கியங்களில் வைத்து, எட்டரை முதல் பதின்மூன்றரை வயது வரையான பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். 'கார்ப்ளம்' என்பது அதில் ஒரு சொல். கார்ப்ளத்தை முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தலாம், நனைந்த கார்ப்ளம் எரியாது, கார்ப்ளத்தை உப்புத்தாள் கொண்டு வழவழப்பாக்கலாம் என்று வாக்கியங்கள் போகும். மரத்துண்டு, குச்சி என்பதே விடை. சிறு பிள்ளைகளில் பலர் ஒரு வாக்கியத்தின் முழுப் பொருளையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் திணித்துக்கொண்டார்கள். சொல்லை வாக்கியத்திலிருந்து பிரித்தெடுத்து, அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் வயது ஏற ஏறத்தான் வந்தது. தம்பி செய்ததும் அதுவே. மூன்றாவது வாக்கியத்தின் காட்சி முழுவதையும் கலங்கலுக்குள் வைத்துவிட்டான்.

அவனுக்கு இன்னொரு தடையும் இருந்தது. மதகு என்ற சொல்லும் அவனுக்குத் தெரியாது. ஐப்பசி ஒரு மாதம் என்பதும் தெரியாது. பத்தியில் மொத்தம் 47 சொற்கள். கலங்கல் மூன்று இடத்தில் வருகிறது, ஆகவே மூத்தவளுக்கு 44 தெரியும். தம்பிக்கு 42. வித்தியாசம் வெறும் இரண்டு. ஆனால் மதகு தெரியாதபோது நான்காவது வாக்கியம் முழுவதும் சாட்சி சொல்லாமல் ஊமையாகிவிடுகிறது. ஒரு தெரியாத சொல்லைத் திறக்க வேண்டிய சாவியே இன்னொரு தெரியாத சொல்லாக இருந்தால் ஊகம் நின்றுவிடும்.

எவ்வளவு தெரிந்திருந்தால் போதும் என்பதை ஹூ, நேஷன் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் அளந்தார்கள். ஒரே கதையில் வெவ்வேறு அளவில் சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருளில்லாத சொற்களைப் போட்டு, ஆங்கிலம் கற்பவர்களைப் படிக்கச் சொன்னார்கள். 100க்கு 80 சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் யாருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. பெரும்பாலோர் துணையில்லாமல் படிக்க 98 தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். என் பத்தி அந்த அளவைவிடக் கொஞ்சம் கடினமானது. ஆனாலும் மூத்தவளுக்குப் பிடிபட்டதற்குக் காரணம், தெரியாதது ஒரே சொல்லாக இருந்ததும், அது வந்த மூன்று இடங்களும் மூன்று விதமான தகவல் தந்ததும்தான்.

நான் வேண்டுமென்றே அப்படி எழுதியதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கதையிலோ செய்தியிலோ "நேற்று கலங்கலைப் போய்ப் பார்த்தோம்" என்று மட்டும் இருந்தால் யாராலும் எதையும் பிடிக்க முடியாது, அது கோயிலாகவும் இருக்கலாம், தோப்பாகவும் இருக்கலாம். எழுதுபவர் சொல்லைக் கற்பிக்க எழுதுவதில்லை, கதை சொல்ல எழுதுகிறார். அதனால்தான் ஒருமுறை படித்து மனத்தில் தங்கும் புதுச் சொற்கள் குறைவு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஸ்வான்போர்ன், டி குளோப்பர் இருவரும் 1999இல் தந்த கணக்கு, படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் 100க்கு 15 அளவில் ஓரளவு பிடிபடுகிறது என்பது. மற்றவை இன்னொரு பக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை.

பிடிபட்டதும் முழுப் பொருள் அல்ல. கலங்கலின் பயனும் வடிவமும் அவளுக்குக் கிடைத்தன. அதன் உயரம்தான் ஏரி எவ்வளவு பிடிக்கும் என்பதை முடிவு செய்கிறது, அதில் வழியும் நீர் வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும் என்பதெல்லாம் பத்தியில் எங்கும் இல்லை. எழுதப்படாததை எந்த ஊகமும் தராது.

அடுத்த ஞாயிறு வேறொரு பத்தி கொண்டுபோனேன். அதன் முதல் வாக்கியம், "ஏரி கோடி போனதும் ஊரே திரண்டு கரைக்கு வந்தது." மூத்தவள் 'கோடி'யில் விரலை வைத்தாள். எனக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பாளோ என்று பயம். அவள் வாய் திறக்காமல் அடுத்த இரண்டு வாக்கியங்களையும் படித்தாள். பிறகு தம்பியின் கையிலிருந்த காகிதத் துண்டை வாங்கி அந்தச் சொல்லை மறைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.