திண்டு இருந்தும் முதுகு ஏன் வலிக்கிறது?

நவராத்திரிக்கு வீட்டிலேயே சின்னக் கச்சேரி வைக்கப் போகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹால் 18 அடிக்கு 12 அடி. நாற்காலி போட்டால் இடம் போதாது. பாய், தலையணை, திண்டு எல்லாம் இருக்கிறது. 25 பேரை உட்கார வைக்கலாமா? போன வருஷம் அரை மணி நேரத்திலேயே எல்லோரும் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள்."

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். சம்மணமிட்டு உட்காரும் பெரியவருக்கு முழங்காலுக்கு முழங்கால் சுமார் இரண்டரை அடி வேண்டும். கொஞ்சம் காலை அசைக்க, முன்னும் பின்னுமாக 3 அடி. 12 அடிச் சுவர் ஒன்றை ஒட்டிப் பாடுபவருக்கும் பக்கவாத்தியத்துக்கும் 5 அடி விட்டால் மீதி 13 அடி. பக்கவாட்டில் வாசல் வரை 2 அடி வழி கட்டாயம். ஆக, வரிசைக்கு 4 பேர், 4 வரிசை. நடு வரிசை ஒன்றில் மட்டும் 3 பேரை வைத்து, முன்னால் இருப்பவர்களின் இடைவெளிக்கு நேராக உட்கார வைத்தால் தலை மறைக்காது. மரத்துப்போன காலை நீட்டவும் அந்த இடைவெளி உதவும். மொத்தம் 15 பேர். 25 பேரும் உள்ளே வரலாம், ஆனால் முதல் பாட்டு முடிவதற்குள் நெளிவார்கள்.

சரி, நெளிவது எதனால்? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இடுப்பெலும்பை ஒரு கிண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள் மேல்தான் நாம் உட்காருகிறோம். வெறும் தரையில் சம்மணமிடும்போது தொடை இடுப்போடு நன்றாக மடங்க வேண்டும். நாற்காலியிலேயே வளர்ந்த இடுப்புக்கு அந்த அளவு மடிப்பு வராது. தொடை மேற்கொண்டு மடங்காததால் புட்டத் தசைகள் இழுபட்டு, கிண்ணம் பின்பக்கமாகச் சாய்கிறது. அதன் மேல் நிற்கும் முதுகெலும்பு என்ன செய்யும்? கீழ் முதுகில் உள்ள இயல்பான உள்வளைவு போய், முதுகு கூன் போடுகிறது. நிமிர்ந்து உட்கார முயன்றால் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த உழைப்புதான் அரை மணி நேரத்தில் வலியாகத் தெரிகிறது.

இதற்கு மருந்து 3, 4 அங்குல உயரம். புட்டம் முழங்காலைவிட மேலே போனால் மடிப்பு தளர்கிறது, கிண்ணம் தானாக நிமிர்கிறது. பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் உயரம் போதவில்லை. ஆனால் பஞ்சு போன்ற மெத்தென்ற ஃபோம் வேண்டாம். 4 அங்குல ஃபோம் உட்கார்ந்ததும் ஓர் அங்குலமாகிவிடும். இறுக்கமாக மடித்த ஜமக்காளம் அதைவிட மேல். இன்னொன்று, அதைப் புட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். தொடைக்கு அடியில் நீண்டால் விளிம்பு நரம்பை அழுத்தும், கால் மரத்துப் போகும்.

இப்போது சுவரோரத் திண்டு. உருளைத் திண்டின் குறுக்களவு 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் கிடந்தால் அதன் தொப்பை நாலரை அங்குல உயரத்தில் இருக்கும். வெறும் பாயில் உட்கார்ந்தவருக்கு அது இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் முட்டி, கிண்ணம் சாயாமல் தடுக்கும். நல்லதுதான். ஆனால் அவரை 4 அங்குல இருக்கையில் ஏற்றிவிட்டால்? தொப்பை இருக்கையிலிருந்து அரை அங்குலம் மேலேதான்! திண்டு புட்டத்தை முன்னால் தள்ளும். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. அவர் சாயப் போய் இன்னும் கூனுவார். இருக்கையை உயர்த்தினால் திண்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும். அடியில் மடித்த பாய் வைத்தால் போதும். பல வீடுகளில் திண்டு இருந்தும் வலிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். அலுவலக நாற்காலிக்குச் செலவழிக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சத்தை நம் தரைப் பழக்கத்துக்கும் ஒதுக்கினால் என்ன? அதற்குப் பதில் நமக்குக் கிடைப்பது, சம்மணமிட்டால் சகல நோயும் போகும் என்கிற வாட்ஸ்அப் செய்திதான்.

இந்த உயரம் பார்வைக்கும் உதவும். முன்வரிசையில் பாய் மட்டும் விரித்துச் சிறுவர்களையும் இடுப்பு நன்றாக மடங்குபவர்களையும் வையுங்கள். அடுத்த வரிசைக்கு 2 அங்குலம், அதற்கடுத்து 3, சுவரோரம் 4. சுவரோரம் முதியவர்களுக்கு: சாய்ந்துகொள்ளலாம், எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு மட்டும் வழியோரம் நாற்காலியே போட்டுவிடுங்கள். அவர்களுக்கு எந்தத் திண்டும் நாற்காலிக்கு ஈடாகாது. அப்புறம், டைல்ஸ் தரையில் ஜமக்காளம் வழுக்கும். வழியில் வரும் ஓரத்தை மட்டுமாவது டேப் போட்டு ஒட்டுங்கள்.