இருநூறு ரூபாய் கப்புசினோவில் ஏற்காட்டுக்குப் போவது எவ்வளவு?

கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கப் காபி 200 ரூபாய்க்கு விற்கிறதே, ஏற்காட்டில் காபி பயிரிடும் எங்கள் சித்தப்பாவுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று சேலத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு கப்புக்குச் சுமார் 18 கிராம் வறுத்த காபி போடுகிறார்கள். வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு போய்விடும், அதனால் பச்சைக்கொட்டை 21 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். அதன் மேல்தோலோடு இருப்பதுதான் பார்ச்மென்ட், விவசாயி மூட்டை கட்டி விற்பது. தோலோடு 27 கிராம். 50 கிலோ மூட்டை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (விலை ஏறும், இறங்கும்) கிட்டத்தட்ட 11 ரூபாய். பழம் பறிக்கிற கூலி, உரம், காயவைக்கிற செலவு எல்லாம் இதற்குள்தான். பில்லில் தனியாக வரும் 5 சதவீத ஜிஎஸ்டி 10 ரூபாய், ஆக அரசாங்கமும் விவசாயியும் ஏறக்குறைய சமம்!

வியாபாரி, தோல் நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலை, வறுப்பவர் எல்லோரும் சேர்ந்து இன்னொரு ஏழெட்டு ரூபாய் எடுப்பார்கள். மிச்சம் கடைக்கு, ஆனால் அது முழுக்க லாபம் இல்லை. பால், வாடகை, சம்பளம், கரண்ட், ஏசி என்று பாதிக்கு மேல் கரைந்துவிடும். தோட்டத்து விலை இரண்டு மடங்கானாலும் கப்பில் ஏறுவது 11 ரூபாய்தான், அதனால் "காபி விலை ஏறிடுச்சு" என்று 40 ரூபாய் கூட்டுகிற கடையை நான் நம்புவதில்லை.

சரி, விவசாயி அந்த 11 ரூபாயிலும் எங்கே நழுவவிடுகிறார்? அவுட்டர்ன் என்கிற இடத்தில். தோல் நீக்கிய பிறகு மூட்டையில் எத்தனை சதவீதம் கொட்டை தேறும் என்பதுதான் அது. நல்ல அரபிகாவில் 80 தேறினால் 50 கிலோவுக்கு 40 கிலோ, மேலே சொன்ன விலையில் கிலோ 500 ரூபாய். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து "76 தாங்க தேறும்" என்று சொன்னால் 38 கிலோதான் கணக்கு, மூட்டைக்கு 1,000 ரூபாய் போச்சு. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்: மழை பொய்த்துக் கொட்டை நிரம்பாமல் போயிருக்கும், இல்லை காய்த்துளைப்பான் வண்டு பழத்தின் நுனியில் குண்டூசி அளவு ஓட்டை போட்டு உள்ளே தின்றிருக்கும். அப்படிப்பட்ட பழத்தில் பல தண்ணீரில் மிதக்கும், பழத்தோலை நீக்கும் பல்பிங்குக்கு முன்பே அதை அள்ளித் தனியாகக் காயவைத்தால் நல்ல மூட்டையின் அவுட்டர்ன் கெடாது.

பழமாகவே விற்றுவிடுகிற சின்ன விவசாயிக்கு இந்தச் சதவீதமே தெரியாது, வாங்குபவருக்கு மட்டும்தான் தெரியும். காபி திருவிழா நடத்துகிற காசில் ஊருக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைக்கலாம் என்பது என் கருத்து. அவுட்டர்ன் பார்க்க அதுகூட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பார்ச்மென்ட் 100 கிராம் எடுத்துக் கையால் தோலை உரித்து, கொட்டையை நகைக்கடைத் தராசில் வைத்தால் எத்தனை கிராமோ அதுதான் உங்கள் சதவீதம். சித்தப்பாவை மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் செய்யச் சொல்லுங்கள்.